முப்பத்தைந்தாவது தட்டை எங்கே வைப்பது?

1982 ஏப்ரலில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஓர் ஆய்வுக்கூடத் தட்டு ஈஸ்டர் விடுமுறை முடியும்வரை அடைகாப்புப் பெட்டியிலேயே கிடந்துவிட்டது. பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவரும் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவரும் இரைப்பையில் ஒரு வளைந்த கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் இரைப்பையிலிருந்து துளித் திசு எடுத்து, தட்டில் தடவி, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வழக்கப்படி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். முப்பத்துநான்கு தட்டுகள் அப்படித்தான் குப்பைக்குப் போயின. விடுமுறையால் எறியப்படாமல் தங்கிய முப்பத்தைந்தாவது தட்டில் கிருமி வளர்ந்திருந்தது. இப்போது ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிறோமே, அதுதான்.

இந்தக் கதையைக் கேட்ட யாருக்கும், ஆய்வுக் கட்டுரையின் ‘முடிவுகள்’ பகுதியை இந்தத் தட்டிலிருந்துதான் தொடங்கத் தோன்றும். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் வரைவுகளைப் படித்துத் திருத்தும் வேலையில் நான் அடிக்கடி சந்திப்பது இதைத்தான். ‘முதலில் இதைச் செய்தோம், பலிக்கவில்லை. பிறகு அதை மாற்றினோம். அதன் பின்னர்...’ என்று போகும். சோதனை நடந்த வரிசை எழுதியவருக்கு மறக்க முடியாதது, ஏனென்றால் அவர் பட்ட பாடு அதில் இருக்கிறது. படிப்பவர் வேறொன்றைத் தேடி வருகிறார். இந்தக் கிருமிக்கும் இரைப்பை அழற்சிக்கும் தொடர்பு உண்டா, புண்ணுக்கும் தொடர்பு உண்டா? விடுமுறையில் என்ன நடந்தது என்பது அவருடைய கேள்வியே அல்ல.

பெர்த் ஆய்வை வைத்தே செய்து பார்ப்போம். நடந்தவற்றைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக்கொள்ளுங்கள். 1979-லிருந்தே வாரன் அழற்சி கண்ட திசுக்களில் வளைந்த கிருமிகளைப் பார்த்துவந்தார்: அது ஒரு சீட்டு. முப்பத்துநான்கு வெறும் தட்டுகள் இன்னொன்று. ஈஸ்டர் தட்டு மூன்றாவது. அடுத்தடுத்து எண்டோஸ்கோபிக்கு வந்து சம்மதம் தந்த 100 பேரில் 58 பேரின் திசுவில் கிருமி தெரிந்தது. அந்த 58-இல் 11 திசுக்களிலிருந்து மட்டுமே தட்டில் வளர்க்க முடிந்தது. முன்சிறுகுடல் புண் இருந்த 13 பேரிடமும் கிருமி இருந்தது. ஆறு சீட்டுகள் ஆயிற்று.

இவற்றைத் தேதிப்படி அடுக்கினால், முடிவுகள் பகுதியின் முதல் பத்தி முப்பத்துநான்கு தோல்விகளைச் சொல்லும். 13 பேர் என்ற, மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்க வைத்த எண் கடைசியில் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே ஒவ்வொரு சீட்டையும் கையில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது இல்லாவிட்டால் எந்தக் கருதுகோள் பலம் இழக்கும்? 58 என்ற சீட்டு, கிருமி அழற்சியோடு சேர்ந்தே காணப்படுகிறது என்ற கருதுகோளின் கீழ் போகும், அழற்சி உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவோடு. 13 பேர் சீட்டு, புண்ணோடு தொடர்பு என்ற தலைப்பின் கீழ். வளர்ந்த 11, ‘இது தனியொரு கிருமி இனம்’ என்பதன் கீழ். வாரனின் பழைய கவனிப்பு இந்த ஆய்வின் முடிவே அல்ல. கருதுகோள் பிறந்த இடம் அது என்பதால் முன்னுரைக்குப் போய்விடும்.

மீதம் இரண்டு சீட்டுகள்: வெறும் தட்டுகளும் ஈஸ்டர் தட்டும். எந்தக் கருதுகோளும் இவற்றைக் கேட்கவில்லை. தூக்கி எறிந்துவிடலாம் என்று கை நீளும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 58 பேரிடம் கண்ணுக்குத் தெரிந்த கிருமி ஏன் 11 பேரிடம் மட்டும் வளர்ந்தது என்று எந்தக் கூர்மையான வாசகரும் கேட்பார். ஆரம்பத் தட்டுகளை இரண்டே நாளில் எறிந்துவிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் அந்த எண்ணுக்கு நேர்மையான விளக்கம் தர முடியாது. மார்ஷலும் வாரனும் 1984-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில் விடுமுறைச் சம்பவத்தை மறைக்கவில்லை. கிருமி வளர்ப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். அதன் பிறகே தட்டுகளைக் கூடுதல் நாள் வைத்துப் பார்த்தார்கள் என்பதும் அங்கேயே வந்துவிடுகிறது. ஒரு தேதி ஓர் எண்ணை விளக்குமானால் அந்தத் தேதி கட்டுரையில் இருந்தே ஆக வேண்டும். விளக்காத தேதிக்குச் சோதனைக் குறிப்பேடு போதும்.

இப்படி வரிசை மாற்றுவதே பொய் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. 1963-இல் பீட்டர் மெடாவர் பிபிசி வானொலி உரையில், அறிவியல் கட்டுரை ஒரு மோசடியா என்றே தலைப்பு வைத்துப் பேசினார். சிந்தனை உண்மையில் நடந்த விதத்தை அது மறைத்துவிடுகிறது என்பது அவருடைய வாதம். எனக்கு அந்த வாதத்தில் பாதி உடன்பாடு. சோதனைகளின் வரிசையை மாற்றுவதில் குற்றமில்லை, கருதுகோள் பிறந்த நேரத்தை மாற்றுவதுதான் குற்றம். எண்களைக் கூட்டிப் பார்த்தபிறகு கண்ணில் பட்ட தொடர்பை, ‘நாங்கள் முதலிலேயே எதிர்பார்த்தோம்’ என்று எழுதுவதை 1998-இல் நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் ஒரு விரிவான கட்டுரையில் கண்டித்தார். இருபது தொடர்புகளைத் துழாவினால் ஒன்றாவது தற்செயலாகவே தேறும். அதை முன்கூட்டியே வைத்த கருதுகோள் போலக் காட்டினால் அது தற்செயலா என்று வாசகரால் எடைபோட முடியாது. எனவே அப்படிப்பட்ட கண்டுபிடிப்புக்கு, கருதுகோள்களெல்லாம் முடிந்தபின், ‘தரவைப் பார்த்தபோது தென்பட்டவை’ என்று தனித் தலைப்பு போட்டுவிட வேண்டும். கருதுகோளைப் பொய்யாக்கிய சோதனையும் அந்தந்தத் தலைப்பின் கீழேயே நிற்க வேண்டும், பின்னிணைப்புக்கு நாடுகடத்தக் கூடாது.

வரிசை மாற்றிய வரைவில் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பென்சிலை எடுத்து ‘பின்னர்’, ‘அதன் பிறகு’, ‘மேலே சொன்ன’, ‘முன்பு கண்டபடி’ என்ற சொற்களை மட்டும் வட்டமிடுவேன். பழைய வரிசையின் மிச்சங்கள் அவை. மேலே சொன்னது இப்போது கீழே போயிருக்கும். மூன்றாம் படம் முதல் படத்துக்கு முன்னால் வந்திருக்கும். பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் படிப்பேன். ‘அடுத்து நாங்கள் திசுவுக்குச் சாயமேற்றினோம்’ என்று தொடங்கினால் அந்தப் பத்தி இன்னும் குறிப்பேடாகவே இருக்கிறது. ‘முன்சிறுகுடல் புண் இருந்த 13 பேரிடமும் கிருமி காணப்பட்டது’ என்று தொடங்கினால் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

இந்த அடுக்கு முறைக்கு நான் மனதார மதிப்புத் தருவதற்குக் காரணம், அது வெற்றிடத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதே. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி வந்தது, அவருடைய இரைப்பைத் திசுவில் அழற்சியும் கிருமியும் தெரிந்தன. அடுத்த ஆண்டு அது கட்டுரையாக வந்தது. நடந்த வரிசையில் சொன்னால் இதுதான் கதையின் உச்சம், எல்லாமே நிரூபணமாகிவிட்டது போலிருக்கும். கருதுகோள்களின் கீழ் வைத்துப் பாருங்கள். கிருமி அழற்சியை உண்டாக்கும் என்பதன் கீழ் அந்தச் சீட்டு கச்சிதமாக உட்காருகிறது. புண்ணை உண்டாக்கும் என்பதன் கீழ் வைக்க அதில் எதுவுமில்லை, ஏனென்றால் மார்ஷலுக்குப் புண் வரவில்லை. கிருமியை ஒழித்தால் முன்சிறுகுடல் புண் திரும்ப வருவது குறைகிறது என்று காட்டிய மருத்துவச் சோதனையை அவர்கள் 1988-இல் வெளியிடும்வரை அந்த இடம் காலியாகவே இருந்தது.