கம்ப்ரசர் ஓடவில்லை என்றால் போனது எந்த கேஸ்?

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் பனி கெட்டியாக இறுகியிருக்கும். அது கரையும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் கத்தியால் குத்திப் பெயர்ப்பார்கள். மறுநாள் உள்ளே விளக்கு எரியும், கம்ப்ரசர் ஓடாது. கேஸ் போயிருக்கும் என்று யாராவது சொல்வார்கள்.

போயிருக்கலாம், ஆனால் அது வேறு கேஸ். குளிரூட்டும் கேஸ் கசிந்தால் கம்ப்ரசர் பெரும்பாலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர்தான் வராது. கம்ப்ரசர் கிளம்பவே இல்லையென்றால் முதலில் தெர்மோஸ்டாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

குளிரின் அளவைத் திருகி வைக்கும் குமிழுக்குப் பின்னால்தான் அது இருக்கிறது. அதிலிருந்து கம்பி போல மெல்லிய உலோகக் குழாய் ஒன்று கிளம்பிப் போகும். அதன் நுனியை ஃப்ரீசர் தகட்டோடு இறுக்கியிருப்பார்கள். அந்தக் குழாய்க்குள் தனியாக ஒரு கேஸை அடைத்து மூடியிருக்கிறார்கள். தகடு சூடேறினால் கேஸின் அழுத்தம் கூடி, மறுமுனையில் உள்ள சிறு துருத்தி விரியும்; 'கிளிக்' என்று சுவிட்ச் சேரும். குளிர்ந்தால் துருத்தி சுருங்கி, ஸ்பிரிங் சுவிட்சைப் பிரித்துவிடும். தகடு போதிய அளவு குளிர்ந்ததும் கம்ப்ரசர் நிற்கும், ஓரளவு சூடேறியதும் மீண்டும் ஓடும். வெப்பத்தை அறிய இதற்கு மின்சாரமே வேண்டாம்.

கத்தி பட்டோ, மடங்கி விரிசல் விட்டோ குழாயில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் போய்விடும். கடுங்குளிரில் இருப்பது போலத் துருத்தி சுருங்கியே கிடக்கும், சுவிட்ச் சேராது. மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளையும் தற்காலிகமாக இணைத்துப் பார்ப்பார். மறுபடி பிளக்கைச் செருகியதும் கம்ப்ரசர் ஓடினால் தெர்மோஸ்டாட்டை மாற்றினால் போதும். வீட்டில் செய்து பார்க்கக் கூடாத வேலை இது.

எதிர்மாறாகவும் நடக்கும். குழாயின் நுனி தகட்டை விட்டு நழுவினாலோ, சுவிட்சின் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டாலோ கம்ப்ரசர் நிற்காமல் ஓடி, காய்கறியெல்லாம் உறைந்துபோகும்.

எலக்ட்ரானிக் போர்டு உள்ள ஃப்ரிட்ஜில் குழாயும் கேஸும் இல்லை. பாசிப்பயறைவிடச் சற்றே பெரிதான சென்சார் ஒன்று, குளிர் கூடக் கூடத் தன் மின்தடையை ஏற்றிக்கொண்டு போகும். போர்டு அதைப் படித்து, ரிலே மூலம் கம்ப்ரசரை ஓட்டும். சென்சாரின் கம்பி அறுந்தால் பல போர்டுகள் கண்டுபிடித்துப் பிழைக்குறி காட்டிவிடும். சென்சாருக்குள் ஈரம் இறங்கினால்தான் சிக்கல். மின்தடை குறைந்து, உள்ளே சூடாக இருப்பதாகப் போர்டு நம்பும். கம்ப்ரசரை விடாமல் ஓட்டும், பிழைக்குறியும் வராது. பழுதில்லாத போர்டையே மாற்றிப் பணத்தை வீணாக்குவது இங்கேதான்.

அதற்கு முன் சென்சாரைக் கழற்றி, ஐஸ் மிதக்கும் தண்ணீரில் வைத்து மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லலாம். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, பூஜ்ய டிகிரியில் ஏறத்தாழ 30 கிலோ ஓம் காட்ட வேண்டும். மாடலுக்கு மாடல் இந்த அளவு மாறும் என்பதால் அந்த மாடலின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அளவு சரியாக இருந்தால் மட்டுமே, மின்னழுத்த ஏற்றத்தில் கருகிய ரிலேயையோ உப்பிய கெப்பாசிட்டரையோ போர்டில் தேட வேண்டும்.