கேள்வியை மாற்றிய புகைப்படங்கள்

1973-ல் பெரு நாட்டு அரசு ஓர் எழுத்தறிவு இயக்கம் நடத்தியது. அதில் பணியாற்றிய பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால், அங்கே கையாண்ட ஒரு வழியைத் தன் புத்தகத்தில் விவரித்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம் கேமராவைக் கொடுத்தார்கள். கேள்வியை வாயால் கேட்பார்கள், பதிலைப் படமாகக் கொண்டுவர வேண்டும். சுரண்டல் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டார்கள். மளிகைக்கடைக்காரர், வாடகை வசூலிப்பவர், அரசு அலுவலகம் என்று பலரும் படம் எடுத்து வந்தார்கள். ஒரு சிறுவன் மட்டும் சுவரில் அடித்த ஓர் ஆணியை எடுத்து வந்தான்.

பெரியவர்களுக்குப் புரியவில்லை. மற்ற சிறுவர்கள் எல்லோரும் சரியான பதில் என்று தலையாட்டினார்கள். அந்தப் பகுதிச் சிறுவர்களில் பலர் நகரத்துக்குப் போய் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைப்பவர்கள். பாலிஷ் பெட்டியைத் தினமும் வீடுவரை சுமந்துகொண்டு போய்வர முடியாது. அதனால் நகரத்துக் கடைகளின் சுவரில் ஓர் ஆணியை வாடகைக்கு எடுத்து, இரவில் பெட்டியை அதில் மாட்டிவிட்டு வருவார்கள். ஓர் ஆணிக்கு ஒவ்வொரு இரவும் வாடகை.

ஆணி வாடகை எவ்வளவு என்று எந்த ஆய்வாளரும் தன் கேள்வித்தாளில் எழுதியிருக்க மாட்டார். அப்படி ஒரு வாடகை இருப்பதே அவருக்குத் தெரியாது. கேள்வித்தாள் என்பது அதை எழுதுபவருக்கு ஏற்கெனவே தெரிந்ததன் எல்லைக்குள்தான் நிற்கும். ஆயிரம் வீடு ஏறி இறங்கினாலும், கேட்கப்படாத கேள்விக்குப் பதில் வராது. ஆய்வு செய்யப்படும் மக்களே எதை ஆய்வு செய்வது என்று சொல்ல வேண்டும் என்கிற பங்கேற்பு ஆய்வு, இந்த எல்லையை உடைக்கத்தான் வந்தது. அதில் புகைப்படத்தைக் கருவியாகக் கொண்ட முறைக்கு ஃபோட்டோவாய்ஸ் என்று பெயர். அதற்கு ஒழுங்கான வடிவம் கிடைத்தது சீனாவின் யுன்னான் மாகாணத்தில்.

1990-களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளை அங்கே கிராமப் பெண்களின் மகப்பேறு நலம் பற்றிய ஒரு திட்டத்தை நடத்தியது. அந்தப் பெண்களின் தேவைகளை எப்படித் தெரிந்துகொள்வது? பொதுச் சுகாதார ஆய்வாளர் கரோலின் வாங்கும், அறக்கட்டளையின் பெய்ஜிங் அலுவலகத்தில் இருந்த மேரி ஆன் பரிஸும் வழக்கமான கணக்கெடுப்போடு இன்னொரு வழியையும் யோசித்தார்கள். 1992-ல் செங்ஜியாங், லூலியாங் என்ற இரு வட்டாரங்களைச் சேர்ந்த 62 பெண்களுக்கு எளிய கேமராக்களைக் கொடுத்து, பயிற்சியும் தந்தார்கள். எல்லோரும் வயலில் உழைப்பவர்கள். தங்கள் அன்றாட உழைப்பையும் உடல்நலத்தையும் படமாக எடுத்து வரும்படி சொன்னார்கள்.

படங்களில் ஒன்று, சோளக்கொல்லையில் களையெடுக்கும் ஒரு பெண்ணைக் காட்டியது. அருகே அவளுடைய கைக்குழந்தை தரையில் தனியே கிடக்கிறது. மகப்பேறு நலத் திட்டத்தின் பார்வையில் இதில் ஒன்றும் இல்லை. பிரசவம் இல்லை, நோய் இல்லை, மருந்து இல்லை. வெளியாள் ஒருவர் பார்த்தால், உழைக்கும் தாயின் அழகான படம் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அந்தப் பெண்கள் அப்படிப் போகவில்லை.

இந்த இடத்தில் முறையின் உள்வேலையைப் பார்த்துவிடுவோம். எடுத்த படங்கள் எல்லாவற்றையும் யாரும் ஆராய்வதில்லை. ஒவ்வொருவரும் தான் எடுத்தவற்றில் தனக்கு முக்கியமென்று படுகிற ஒன்றிரண்டைத் தானே பொறுக்கி எடுப்பார். பிறகு ஏழு முதல் பத்துப் பேர் கொண்ட சிறு குழுவாக உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் நடுவில் வைத்துப் பேசுவார்கள். பேச்சு வழிதவறாமல் இருக்க ஐந்து கேள்விகள் உண்டு. இதில் என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இந்த நிலை ஏன் இருக்கிறது? இதற்கு நாம் என்ன செய்யலாம்?

சோளக்கொல்லைப் படத்தை இந்த ஐந்து கேள்விகளின் வழியே நடத்திப் பார்த்தால் முறையின் பலம் புரியும். தெரிவது ஒரு தாயும் குழந்தையும். நடப்பது என்னவென்றால், களையெடுக்கும் நேரமெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மூன்றாவது கேள்வியில் படம் ஒருத்தியுடையதாக இருப்பது நின்றுபோகிறது, ஏனென்றால் மாமியாரோ மூத்த பிள்ளையோ வீட்டில் இல்லாத எல்லோருக்கும் இதே கதைதான். கனமான கேள்வி நான்காவது. கூட்டுப்பண்ணைகள் கலைந்து, ஒவ்வொரு குடும்பமும் தனக்கு ஒதுக்கிய நிலத்தில் தானே பாடுபட வேண்டிய காலம் அது. வயல்வேலையில் பெரும்பங்கு பெண்கள் தலையில் விழுந்தது, குழந்தையைப் பார்க்கும் பொறுப்பும் அவர்களிடமே இருந்தது. ஆக, ஒரு தாயின் கவனக்குறைவாகத் தோன்றக்கூடிய காட்சி, ஒரு பொருளாதார மாற்றத்தின் விளைவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. ஐந்தாவது கேள்விக்கு வரும்போது, தாய்க்குப் புத்திமதி சொல்வது பதிலாகாது என்பது தெளிவாகிவிடும். வேண்டியது பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்.

மகப்பேறு பற்றிக் கேட்க வந்த திட்டத்துக்குக் குழந்தை பராமரிப்பு என்கிற பிரச்சினை கிடைத்தது. எனக்கு இந்த முறையில் முக்கியமாகப் படுவது இதுதான். மக்கள் படம் எடுத்தார்கள் என்பது மட்டும் பங்கேற்பு ஆகாது. அவர்கள் எடுத்த படத்தால் ஆய்வின் கேள்வி மாறியதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் கூட்டங்களில் தரையில் கோலமாவு தூவிக் கிராம வரைபடம் போடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அங்கேயும் இதே அளவுகோலை வைக்கலாம். வரைபடம் போட்ட பிறகு வந்தவர்களின் பட்டியல் அப்படியே இருந்தால், மக்கள் தகவல் கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல முடியும்.

யுன்னானில் கேள்வி மாறியதோடு நிற்கவில்லை. வட்டார, மாகாண அளவிலான அதிகாரிகள் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். முடிவெடுக்கக்கூடியவர்கள் யார் என்பதை முதலிலேயே தீர்மானித்து, அவர்களை வரவழைத்த பிறகே கேமராவைக் கையில் கொடுக்க வேண்டும் என்று வாங் பின்னர் இந்த முறையின் படிகளை எழுதியபோது அதை முதல் படியாக வைத்தார். எல்லாம் முடிந்து கண்காட்சி திறக்கும் நாளில் ஆட்சியாளரை அழைத்தால் அவர் நாடாவை வெட்டிவிட்டுப் போய்விடுவார். யுன்னான் பெண்களின் படங்களும் கதைகளும் பகல்நேரக் காப்பகங்களுக்கும், பேறுகாலச் செவிலிப் பயிற்சிக்கும், கிராமச் சிறுமிகளுக்கான கல்வி உதவித்தொகைக்கும் வழிசெய்தன. 1995-ல் அவர்களுடைய நூறு படங்கள் ஒரு புத்தகமாகவும் வந்தன.

இந்த முறை தோற்கும் இடங்களும் உண்டு. முதலாவது, படத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம். கண்காட்சிச் சுவரில் மாட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், ஆய்வாளரின் கை நல்ல வெளிச்சமும் அழகான முகமும் இருக்கும் படத்தை நோக்கித் தானாகப் போகும். ஃபோகஸ் இல்லாத, பாதி இருட்டான படத்தை ஒரு பெண் பிடிவாதமாக வைத்துக்கொண்டால் அதில்தான் விஷயம் இருக்கக்கூடும். ஆணிப்படம் எந்தப் புகைப்படப் போட்டியிலும் தேறியிருக்காது. யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று அறிக்கை சொல்லவில்லை என்றால், அங்கே சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது இடம் இன்னும் ஆபத்தானது. ஊர்க்காரர் கையில் கேமரா இருக்கும்போது, படத்தில் விழுவது அவருடைய அண்டை வீட்டார். வெளியூர் ஆய்வாளர் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார், இவர் நாளைக்கும் அதே குழாயடிக்குப் போக வேண்டும். வாங் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் நடத்திய திட்டத்தின் அனுபவத்திலிருந்து, 2001-ல் இன்னொருவருடன் சேர்ந்து இந்த அறச்சிக்கல்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்கள் சொல்லும் ஆபத்துகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டாஸ்மாக் கடை இருக்கும் தெருவில் பேருந்துக்காக நிற்கும் ஒருவர் படத்தில் விழுகிறார், படத்தின் கீழே ‘எங்கள் தெருவின் குடிப்பழக்கம்’ என்று எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த மனிதரைப் பற்றி ஒரு பொய் ஊரெங்கும் பரவிவிடும்.

இதற்காகத்தான் கேமராவைக் கொடுப்பதற்கு முன் ஒரு முழு அமர்வு ஒதுக்கப்படுகிறது. அதில் கேமராவை எப்படிப் பிடிப்பது என்பதைவிட, யாரை எடுக்கக் கூடாது, எப்படி அனுமதி கேட்பது, எடுத்த பிறகு அவருக்கு எப்படிப் பிரதி கொடுப்பது என்பவையே நிறையப் பேசப்படும். சம்மதமும் மூன்று தடவை வாங்கப்படுகிறது. பங்கேற்பவரிடம் ஒன்று, படத்தில் இருப்பவரிடம் ஒன்று, படத்தை வெளியே காட்டும் முன் மறுபடி ஒன்று. மூன்றாவது சம்மதத்தைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். படம் எடுத்த நாளில் சரி என்றவர், அது கலெக்டர் அலுவலகச் சுவரில் தொங்கப்போகிறது என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லலாம். அந்த உரிமை அவருடையது. ஃபிலிம் ரோல் காலத்தில் ஒரு படத்தைத் திரும்பப் பெறுவது நெகட்டிவை எடுத்து வைப்பதோடு முடிந்தது. இப்போது கைபேசியில் எடுத்த படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் யாராலும் திரும்பப் பெற முடியாது. அதனால் குழுவின் கூட்டம் முடியும்வரை படங்களை யாருக்கும் அனுப்புவதில்லை என்ற ஒப்பந்தம் முதல் நாளே வேண்டும்.

அனுமதி கேட்கக் கேட்க, சில படங்கள் எடுக்கப்படாமலே போகும் என்பதும் உண்மை. அடிக்கும் கணவனிடம் அனுமதி கேட்டு யாரும் படம் எடுக்க முடியாது. கடன் கொடுத்தவர் வாசலில் நின்று திட்டும் காட்சியையும் எடுக்க முடியாது. இல்லாத ஒன்றைப் படம் பிடிப்பதும் கடினம். வராத பேருந்து, மூடிய துணைச் சுகாதார நிலையம், படிப்பை நிறுத்திய பெண் ஆகியவற்றை எப்படி எடுப்பது? சிலர் பூட்டிய கதவையோ காலிப் பெஞ்சையோ எடுத்து வருவார்கள். பலர் எதுவும் எடுக்காமல் வருவார்கள்.

லண்டனில் வீடற்றவர்களிடம் கேமரா கொடுத்து ஆய்வு செய்த டாரின் ஹாட்ஜெட்ஸும் அவருடைய தோழர்களும் 2007-ல் இந்த எடுக்கப்படாத படங்களையே தனியாகக் கவனிக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஒருவருடைய கேமராவில் என்ன இருக்கிறது என்று பேசி முடித்ததும், எந்தப் படத்தை எடுக்க நினைத்து எடுக்காமல் விட்டீர்கள், ஏன் என்று கேட்க வேண்டும். பயம், வெட்கம், யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற எண்ணம், அல்லது அந்த நேரத்தில் கேமராவே நினைவுக்கு வராதது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பேசும்போது பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல் அந்தக் காட்சியை விவரித்துவிட முடியும். படங்களோடு இந்தப் பதில்களையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் குழு, அடுத்ததாக எதை ஆய்வு செய்வது என்ற பேச்சுக்குப் போக வேண்டும்.