பட்டப்பெயர் போய் அப்பா பெயர் வந்தது

2002இல் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு மூன்று பேர் ஒரே நாற்காலியைச் சுற்றி நின்று யாகூவில் கணக்குத் தொடங்கினோம். அந்த ஐடி வெறும் மின்னஞ்சலுக்கானது அல்ல. யாகூ மெசஞ்சருக்கும் அதுதான், சாட் ரூமில் மற்றவர்கள் பார்க்கும் பெயரும் அதுதான். உள்ளே நுழைந்ததுமே முன்பின் தெரியாத யாரோ வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று கேட்பார்கள். அதனால்தான் சென்டர் வைத்திருந்த அண்ணன், "சொந்தப் பேரைப் போடாதீங்கப்பா" என்று எல்லோரிடமும் சொல்லுவார். எங்களோடு படித்த பெண்கள் பூவின் பெயரையோ நட்சத்திரத்தின் பெயரையோ வைத்துக்கொண்டார்கள். பையன்கள் நடிகரின் பட்டத்தை வைத்தார்கள். அன்றைக்கு அது விளையாட்டுத்தனம் மட்டுமல்ல. நல்ல எச்சரிக்கையும் கூட.

பிறந்த ஆண்டு வேறு வழியாக உள்ளே வந்தது. கேட்ட பெயரை ஏற்கெனவே யாரோ எடுத்திருப்பார்கள். உடனே திரையே பெயருக்குப் பின்னால் எண் சேர்த்து நாலைந்து யோசனை காட்டும். எந்த எண் மறக்காது? பிறந்த ஆண்டுதான். அதைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவோம், ஏனென்றால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

முகவரியில் இருந்த அந்த ஆண்டு யார் கண்ணையும் உறுத்தவில்லை. டி.டி.பி. சென்டரில் அடித்து வாங்கிய பயோடேட்டாவிலேயே தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமணமானவரா என்பது வரை வரிசையாக இருந்தது. வயதை மறைப்பது என்ற பேச்சே இல்லை. நேர்காணல் கடிதம் தபாலில் வரும். அவசரம் என்றால் பக்கத்து வீட்டு பிபி நம்பருக்குக் கூப்பிடுவார்கள். மின்னஞ்சல் முகவரி இருந்தாலும் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும், அதற்கு யாரும் எழுதியதாக நினைவில்லை.

இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பயோடேட்டா போய் ரெஸ்யூம் வந்து வெகுகாலம் ஆகிறது. மதமும் திருமண விவரமும் அதிலிருந்து கழன்றுவிட்டன. தனியார் நிறுவனங்களுக்குப் போகும் ரெஸ்யூமில் பிறந்த தேதியையும் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆனால் மின்னஞ்சல் முகவரி மூலையிலிருந்து மேலேறி, பெயருக்கு அடுத்த வரிக்கு வந்துவிட்டது. நிறுவனத்துக்கு நாங்கள் அனுப்பும் எக்ஸெல் பட்டியலில் பெயர், மின்னஞ்சல், கைபேசி என்றுதான் பத்திகள் தொடங்கும். தேர்வு இணைப்பும் பணி ஆணையும் அந்த முகவரிக்குத்தான் வரும். ஆகவே மாணவன் செய்த புராஜெக்டைப் படிக்கும் முன்பே, ஒன்பதாம் வகுப்பில் அவன் தனக்கு வைத்துக்கொண்ட பட்டத்தைத் தேர்வாளர் படித்துவிடுகிறார்.

இதனால் உண்மையிலேயே பாதிப்பு உண்டா என்று மாணவர்கள் கேட்பார்கள். நெதர்லாந்தில் மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். ஆள் தேர்வு செய்யும் 73 பேரிடம் ஆளுக்கு ஆறு ரெஸ்யூம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். சிலவற்றில் எழுத்துப்பிழை, சிலவற்றில் விளையாட்டான மின்னஞ்சல் முகவரி. எழுத்துப்பிழை மதிப்பைக் குறைத்தது போலவே அந்த முகவரியும் குறைத்தது. எனக்கு இதில் வியப்பில்லை. தேர்வாளருக்கு அந்த மாணவனைத் தெரியாது. நாளை வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதப்போகிறவன், தன் பெயரில் போகும் கடிதத்தை ஒருமுறையாவது பிறர் கண்ணால் பார்த்தானா என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே தடயம் அந்த வரி.

ஆண்டின் கதை இன்னும் கவலை தருவது. ரெஸ்யூமிலிருந்து கவனமாக எடுத்த பிறந்த தேதி, முகவரியின் வாலில் அப்படியே தொங்குகிறது. குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டு, மறுபடி விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணின் முகவரி 1981 என்று முடிந்தால், அவரது அனுபவத்தைப் படிப்பதற்கு முன்பே வயதைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். வேறொரு ஆபத்தும் உண்டு. இணையத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். பெயரும் ஆண்டும் சேர்ந்த முகவரி அதை அப்படியே வெளியில் எழுதி வைத்தது போல. விண்ணப்பத்தோடு அந்தக் கோப்பையும் இணைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் `karthi.thala2004` என்ற முகவரியோடு வந்தான். சான்றிதழில் பெயர் கார்த்திகேயன், முதலெழுத்து எஸ். பக்கத்தில் உட்கார்ந்து புதுக் கணக்கு தொடங்கினோம். `karthikeyan.s` எப்போதோ போய்விட்டிருந்தது. "புள்ளியை இடம் மாத்திப் போடலாமா சார்?" என்றான். ஜிமெயிலில் அது பலிக்காது. பெயருக்குள் எத்தனை புள்ளி வைத்தாலும், எடுத்தாலும் அதற்கு ஒரே முகவரிதான். முதலெழுத்தை முன்னால் வைத்துப் பார்த்தோம், அதுவும் இல்லை. திரை பழையபடி எண்களை நீட்டியது. அடிக்கோடு போட ஜிமெயில் விடாது. விடுகிற இடங்களிலும் நான் வேண்டாம் என்பேன். வேர்டில் முகவரி இணைப்பாக மாறி அடியில் கோடு விழுந்ததும், அடிக்கோடு அதற்குள் மறைந்துபோகும், படிப்பவர் இடைவெளி என்று நினைப்பார்.

கடைசியில் எஸ் என்ற ஓரெழுத்தை விரித்து அப்பாவின் முழுப் பெயரைச் சேர்ப்பது என்று முடிவானது. நம்மிடம் குடும்பப்பெயர் வழக்கம் இல்லாததால் கிடைக்கும் நல்ல வழி இது. எண்ணே தேவைப்படாது. அதுவும் போய்விட்டிருந்தால் ஊர்ப் பெயரைச் சேர்க்கலாம். முதலெழுத்தில் ஊரையும் சேர்த்து எழுதிய தாத்தாக்கள் நமக்கு இருந்தார்கள்.

புது முகவரி கிடைத்ததோடு வேலை முடியவில்லை. எனக்கு ஒரு கடிதம் அனுப்பச் சொன்னேன். வந்தது பழைய முகவரியிலிருந்து! கைபேசியில் இரண்டு கணக்கும் இருந்தன, அவன் கவனிக்கவில்லை. பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ரெஸ்யூமில் ஒரு முகவரி, பதில் போவது இன்னொன்றிலிருந்து. புதுக் கணக்கிலிருந்தே போகிறதா என்று பார்த்து மறுபடி அனுப்பச் சொன்னேன். பிறகு பழைய கணக்கின் அமைப்புகளில், வருவதெல்லாம் புதியதற்குத் திரும்பும்படி வைத்தோம். அதை மூடவில்லை. வேலைவாய்ப்புத் தளங்களில் ஏற்கெனவே கொடுத்திருந்தது அந்த முகவரிதான், கடவுச்சொல் மாற்றும் கடிதமும் அங்கேதான் வரும்.

அரசுப் பணித் தேர்வு மட்டும் எழுதுகிறவர்களுக்கு இத்தனை கவலை வேண்டாம். அங்கே பிறந்த தேதியைப் படிவமே கேட்கிறது, மதிப்பெண் முகவரியைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது அறிவிப்பு வரும் கணக்கு திறக்கிறதா என்பதை மட்டும்தான்.

கார்த்திகேயனிடம் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அப்பா பெயர் ஆதாரில் செல்வராஜ், சாதிச் சான்றிதழில் செல்வராஜு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் எஸ் என்ற எழுத்து மட்டும். எதைப் போடுவது என்று அப்பாவுக்கே போன் போட்டான். லாரி செட்டில் இருந்தார். "நான் ராஜ்னுதாம்பா கையெழுத்துப் போடுறேன்" என்றார். அப்படியே போட்டோம்.