கோப்பின் தலையெழுத்து

2021 மார்ச் மாதக் கடைசியில், ரூபி மொழியில் இணையதளம் கட்டும் பலருக்குத் திடீரென்று வேலை நின்றுபோனது. முதல் நாள் வரை ஒழுங்காக நிறுவ முடிந்த மென்பொருள், மறுநாள் நிறுவ மறுத்தது. தேவையான லைப்ரரியின் பதிப்பு கிடைக்கவில்லை என்று பிழைச்செய்தி வந்தது. அந்த லைப்ரரியின் பெயர் மைம்மேஜிக். மிகச் சிறியது. ஒரு கோப்பைக் கொடுத்தால் அதன் பெயரையும் முதல் சில பைட்டுகளையும் பார்த்து, அது படமா, பாட்டா, பி.டி.எஃப். ஆவணமா என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் ரெயில்ஸ் என்ற பெரிய கட்டமைப்பு, நடுவில் இன்னொரு லைப்ரரி வழியாக, இதை நம்பியிருந்தது.

மைம்மேஜிக் எம்.ஐ.டி. லைசென்ஸில் வெளியாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், மூலநிரலைக் காட்டாமல் விற்கும் மென்பொருளிலும் சேர்க்கலாம் என்பது அதன் பொருள். ஆனால் அந்த லைப்ரரிக்குள் `freedesktop.org.xml` என்று ஒரு கோப்பு இருந்தது. எந்த வகைக் கோப்பு எந்த பைட்டுகளில் தொடங்கும் என்ற நீண்ட பட்டியல் அது. அதைத் தொகுத்தவர்கள் வேறொரு திட்டத்தார். கோப்பின் தலைப்பகுதியிலேயே, இது ஜி.பி.எல். லைசென்ஸில் வருகிறது என்று அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். ஜி.பி.எல். கோப்பு ஒன்றைச் சேர்த்து ஒரு மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால், அந்த மென்பொருள் முழுவதையும் அதே லைசென்ஸில், மூலநிரலோடு கொடுக்க வேண்டும். அப்படியானால் வெளியே ஒட்டியிருந்த எம்.ஐ.டி. என்ற சீட்டு செல்லாது.

பட்டியலைப் பராமரிப்பவர் இதைச் சுட்டிக்காட்டினார். லைப்ரரியின் ஆசிரியர் பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஜி.பி.எல். லைசென்ஸில் புதிய பதிப்பு போட்டார். பழைய பதிப்பைத் தேடிய கணினிகளெல்லாம் கைவிரித்தது அதனால்தான். இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. அந்த வரிகள் எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய கோப்பில்தான் இருந்தன. படித்தவர்தான் இல்லை.

என் சிறு லைப்ரரியை வெளியிடும்போது இந்த நிகழ்வுதான் மனதில் இருந்தது. பைத்தானில் எழுதியது, ரூபாய்த் தொகையைத் தமிழ் எழுத்தில் மாற்றித் தரும். 1,25,340 என்று கொடுத்தால் 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து முந்நூற்று நாற்பது' என்று வரும். ரசீது அச்சடிப்பவர்களுக்குப் பயன்படும். எந்த லைசென்ஸ் என்று யோசிப்பதற்கு முன்னால், இதற்கு லைசென்ஸ் கொடுக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பின் கணக்கில் வைக்கிறது. எழுதிய கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி என்கிறது. வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே விலக்கு. என் லைப்ரரியின் ஒரு பகுதி அலுவலக வேலைக்காக எழுதியது. எனவே வெளியிட ஒப்புதல் கேட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்தினேன். வாய்வார்த்தையாக வாங்கிய ஒப்புதல், மேலாளர் மாறினால் காற்றோடு போய்விடும்.

அடுத்தது, உள்ளே யாருடைய பொருள் இருக்கிறது என்று பார்ப்பது. ஒரு கட்டளை போதும்:

```
grep -rniE "copyright|licen[sc]e" .
```

மைம்மேஜிக் கோப்புறையில் இதை ஓட்டியிருந்தால் அந்தப் பட்டியல் கோப்பு அன்றே கண்ணில் பட்டிருக்கும். என் கோப்புறையில் ஒன்று அகப்பட்டது. இலக்கங்களைக் குழுவாகப் பிரிக்கும் ஒரு கோப்பை எப்போதோ வேறொரு திட்டத்திலிருந்து எடுத்திருந்தேன். அதன் தலையில் பி.எஸ்.டி. மூன்று விதி லைசென்ஸும் ஆசிரியர் பெயரும் இருந்தன. ஆனால் இந்தத் தேடலுக்கு ஓர் எல்லை உண்டு. தலைப்பு வரிகளை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் நகலெடுத்திருந்தால் எதுவும் அகப்படாது. அங்கே நம் நினைவுதான் துணை. எனக்கு நினைவு வந்தது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலிருந்து எடுத்து ஒட்டிய பதினைந்து வரிகள். அங்கே எழுதப்படுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வு லைசென்ஸில் வருகின்றன. பெயர் சொல்ல வேண்டும். மாற்றி வெளியிட்டால் அதே லைசென்ஸில் வெளியிட வேண்டும். எம்.ஐ.டி.யோடு அது ஒத்துப்போகாது. அந்த வரிகளை அழித்துவிட்டு, அவை செய்த வேலையை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு, மூலத்தைப் பார்க்காமல் புதிதாக எழுதினேன். மாறிகளின் பெயரை மட்டும் மாற்றினால் அது புதிது ஆகாது.

இனி லைசென்ஸ். லைசென்ஸே போடாமல் பொதுவில் வைத்துவிட்டால் எல்லோருக்கும் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. சட்டப்படி எல்லா உரிமையும் ஆசிரியரிடமே நிற்கும். பார்க்கலாமே தவிர, பொறுப்புள்ள யாரும் எடுத்துப் பயன்படுத்த மாட்டார்கள். நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: மூலநிரலைக் காட்டாமல் விற்கும் ஒருவர் என் லைப்ரரியைச் சேர்த்துக்கொண்டால் எனக்குச் சம்மதமா? சம்மதமில்லை என்றால் ஜி.பி.எல். அவர் சேர்த்துக்கொள்ளட்டும், ஆனால் என் கோப்புகளில் செய்யும் திருத்தங்களை மட்டும் திறந்தே தரட்டும் என்றால் மொசில்லா பொது லைசென்ஸ் 2.0, அதன் கட்டுப்பாடு அந்தந்தக் கோப்போடு நின்றுவிடும். இது இன்னும் பலருக்குத் தெரிய வேண்டியது என்பது என் எண்ணம். எதுவும் கேட்க வேண்டாம், பெயர் மட்டும் நிற்கட்டும் என்றால் எம்.ஐ.டி. அப்பாச்சி 2.0 இதே தாராளத்தோடு, எழுதியவர்களின் பேட்டண்ட் உரிமையையும் வெளிப்படையாகத் தருகிறது, ஆனால் ஜி.பி.எல். 2 மட்டும் என்று இருக்கும் திட்டங்களோடு சேராது. ரசீது அச்சடிக்கும் மென்பொருளில் பெரும்பகுதி மூடியது. அவர்கள் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் என் ஆசை. எம்.ஐ.டி.யை எடுத்தேன்.

சொந்தமாக ஒரு விதியைச் சேர்க்கும் ஆசை வரும். 'வணிகத்துக்குக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தால் அது திறமூல லைசென்ஸாகவே இருக்காது. ஜேசன் வடிவத்தைப் பரப்பிய டக்ளஸ் கிராக்ஃபோர்ட், நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீயதற்குக் கூடாது என்று தன் லைசென்ஸில் ஒரு வரி சேர்த்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் எது தீயது என்று யார் சொல்வது? டெபியன் அதைக் கட்டற்ற லைசென்ஸாக ஏற்கவில்லை.

அறிவிப்பு வெறும் மரியாதைக்கு என்று நினைப்பவர்களுக்கு, அமெரிக்காவில் நடந்த பொம்மை ரயில் வழக்கைச் சொல்வேன். மாதிரி ரயில்களை இயக்கும் ஜே.எம்.ஆர்.ஐ. என்ற மென்பொருளை ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியரும் நண்பர்களும் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். மாத்யூ கேட்சர் என்பவரின் நிறுவனம் அதிலிருந்து சில கோப்புகளை எடுத்துத் தன் மென்பொருளில் சேர்த்தது. ஆசிரியர் பெயர், பதிப்புரிமை வரி, எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றியது, எதுவும் அதில் இல்லை. இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன நஷ்டம் என்பது எதிர்த்தரப்பு வாதம். 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறிவிப்பை வைத்திருப்பது லைசென்ஸின் நிபந்தனை. அதை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகலாம் என்றது. 2010-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஜேக்கப்சனுக்கு 1,00,000 டாலர் தர கேட்சர் ஒப்புக்கொண்டார்.

இந்த நிபந்தனையைப் பிறர் எளிதாக நிறைவேற்றும்படி வைப்பது நம் கையில் இருக்கிறது. `LICENSE` என்ற கோப்பில் எம்.ஐ.டி. வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் வைத்து, ஆண்டையும் பெயரையும் நிரப்பினேன். `[year] [fullname]` என்ற காலியிடம் அப்படியே நிற்கும் எத்தனையோ லைப்ரரிகளைப் பார்த்திருக்கிறேன். யார் அனுமதி தருகிறார் என்றே அவற்றில் தெரியாது. அப்பாச்சி லைசென்ஸின் கடைசியில் வரும் அதே மாதிரிக் காலியிடம் வேறு வகை. அது கோப்புகளின் தலையில் ஒட்டுவதற்கான மாதிரி. லைசென்ஸ் கோப்பிலேயே நிரப்பத் தேவையில்லை.

பிறகு நான் எழுதிய ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இரண்டு வரி:

```
# SPDX-FileCopyrightText: 2025 <your name>
# SPDX-License-Identifier: MIT
```

சிறு லைப்ரரியை யாரும் முழுதாக எடுப்பதில்லை. ஒரு கோப்பை மட்டும் உருவி எடுப்பார்கள், `LICENSE` பின்தங்கிவிடும். அப்போதும் இந்த இரண்டு வரி கூடவே போகும். கடன் வாங்கிய பி.எஸ்.டி. கோப்பின் தலையில் நான் கை வைக்கவில்லை. அந்த ஆசிரியரின் பெயர் அங்கேயே நிற்கிறது; நான் செய்த திருத்தத்துக்காக என் பெயர் அதன் கீழே ஒரு வரியாகச் சேர்ந்தது. அவருடைய லைசென்ஸ் வாசகம் முழுவதையும் `LICENSE-BSD.txt` என்று தனியாக வைத்தேன். `pyproject.toml` கோப்பில் இப்படி எழுதினேன்:

```
license = "MIT AND BSD-3-Clause"
license-files = ["LICENSE", "LICENSE-BSD.txt"]
```

இங்கே `AND` என்றால் இரண்டையும் கடைப்பிடிக்க வேண்டும். `OR` என்று போட்டால் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றாகும். பி.எஸ்.டி. ஆசிரியர் அப்படி ஒரு தேர்வைக் கொடுக்கவில்லை. அவர் சார்பில் நான் கொடுக்க முடியாது.

கடைசியாக, கட்டிய பொதியைத் திறந்து பார்த்தேன். மூலக் கோப்புறையில் எல்லாம் இருந்தும், மக்கள் நிறுவும் பொதிக்குள் லைசென்ஸ் போய்ச் சேராமல் விட்டுப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

```
unzip -l dist/*.whl
```

பட்டியலில் இரண்டு லைசென்ஸ் கோப்புகளும் தெரிந்தால்தான் வெளியிடலாம்.

வெளியிட்ட பிறகு தவறு தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கும் மைம்மேஜிக்கிடம் பாடம் இருக்கிறது. சில நாட்களில் அது மறுபடி எம்.ஐ.டி.க்குத் திரும்பியது. சிக்கலைக் கொடுத்த பட்டியலைத் தன்னுள் வைத்துக் கொடுப்பதை நிறுத்தி, பயனரின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிரதியைப் படிக்கும்படி மாற்றிக்கொண்டது. ரெயில்ஸ் சார்ந்திருந்த மார்செல் என்ற லைப்ரரி வேறு வழி போனது. அப்பாச்சி டிக்கா திட்டத்தின் பட்டியலுக்கு மாறிக்கொண்டது. அதன் அறிமுகக் கோப்பில் இன்று மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறது: எங்கள் நிரல் எம்.ஐ.டி.; மைம்மேஜிக்கிலிருந்து எடுத்த பகுதிகள் எம்.ஐ.டி.; டிக்காவிலிருந்து எடுத்த தரவு அப்பாச்சி. என் லைப்ரரியின் அறிமுகக் கோப்பை எழுத உட்கார்ந்தபோது, மாதிரியாக அந்தச் சில வரிகளைத்தான் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன்.