வட்டிக்காசில் பிழையாக வெட்டிய வரி: வங்கிக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?



வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த காசை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டுவிட்டு, மாதாமாதம் வரும் வட்டியில் மருந்துச் செலவையும் கடைச் செலவையும் பார்த்துக்கொள்கிற பெரியவர்கள் நம் தோட்டங்களில் பலர் இருக்கிறார்கள். சிலருக்கு அது ஈ.பி.எப். காசு, சேர்விஸ் காசு. ஆசிரியராகவோ தபால் ஊழியராகவோ இருந்தவர்களுக்கு அதோடு மாதப் பென்ஷனும் உண்டு. இவர்களில் சிலர் சேமிப்புப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பதிந்து பார்க்கும்போது, வட்டி குறைந்திருப்பதைக் காண்கிறார்கள். கவுன்டரில் கேட்டால், "அது அரசாங்க வரி ஐயா, கம்பியூட்டரே வெட்டிடும்" என்ற பதில் வருகிறது. அவர்களும் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அப்படித் திரும்பி வரத் தேவையில்லை. ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம். ஆனால் எந்த மாதத்தில் வெட்டியது பிழை, எந்த மாதத்தில் வெட்டியது சரி என்று முதலில் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பிரித்துக் காட்டாத கடிதத்தை வங்கி சுலபமாகத் தள்ளிவிடும்.

இது என்ன வரி?

இதற்கு முற்பண வருமான வரி என்று பெயர். வட்டியை உங்கள் கணக்கில் போடும்போதே வங்கி ஒரு பங்கைப் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டிவிடும். 2023 ஜனவரி முதல் நூற்றுக்கு 5 ரூபா வெட்டினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அது நூற்றுக்கு 10 ரூபாவாகக் கூட்டப்பட்டது.

ஆனால் வருமான வரி எல்லோருக்கும் உரியது அல்ல. அதே 2025 ஏப்ரல் 1 முதல், ஓர் ஆளின் ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை. ஆண்டு என்பது இங்கே ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை. வட்டியும் மற்ற வருமானமும் சேர்ந்து இந்தத் தொகையைத் தாண்டாதவர், "என் வருமானம் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது, என் வட்டியில் வரி வெட்ட வேண்டாம்" என்று வங்கிக்கு ஒரு பிரகடனம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கான படிவம் வங்கியிலேயே உண்டு. அதில் உங்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை எழுத வேண்டும். அடையாள அட்டை இலக்கம் வேறு, இது வேறு. இந்த இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தருகிறது. காசு எதுவும் கேட்பதில்லை. இலக்கம் எடுத்ததால் மட்டும் வரி கட்ட வேண்டிய ஆள் ஆகிவிட மாட்டீர்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. பிரகடனம் வங்கிக்குக் கிடைத்த நாளுக்குப் பிறகு வரும் வட்டிக்குத்தான் அது செல்லும். அதற்கு முன் வெட்டியது வங்கியின் பிழை இல்லை. உங்கள் வருமானம் எவ்வளவு என்று வங்கிக்குத் தெரியாது, சட்டப்படி வெட்டத்தான் வேண்டும். பிரகடனம் கொடுத்த பிறகும் வெட்டினால், அதுதான் பிழை. ஆகவே, எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். படிவத்தைக் கொடுக்கும்போதே ஒரு பிரதி எடுத்து, அதில் வங்கியின் திகதி முத்திரையைக் குத்தச் சொல்லி வாங்கி வையுங்கள். பிறகு எழுதப்போகும் கடிதத்தின் பலம் முழுவதும் அந்த முத்திரையில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். மாதப் பென்ஷன் 45,000 ரூபா. வங்கியில் 12 இலட்சம் ரூபா நிலையான வைப்பு, ஆண்டு வட்டி நூற்றுக்கு 8. அப்படியானால் ஆண்டுக்கு 96,000 ரூபா வட்டி, மாதத்துக்கு 8,000. ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி அது சேமிப்புக் கணக்கில் விழும்.

பென்ஷனையும் கணக்கில் சேர்த்தாலும் அவருடைய ஆண்டு வரவு 5,40,000 உம் 96,000 உம் சேர்ந்து 6,36,000 ரூபாதான். 18 இலட்சத்துக்குக் கிட்டவும் இல்லை. அவர் 2025 மே 15ஆம் திகதி பிரகடனத்தைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டார். ஜூலை முடிவில் புத்தகத்தைப் பதிந்து பார்த்தால், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை ஆகிய நான்கு மாதமும் 8,000 க்குப் பதிலாக 7,200 ரூபாதான் விழுந்திருக்கிறது. மாதம் 800 வீதம் மொத்தம் 3,200 ரூபா போய்விட்டது.

"மூவாயிரத்து இருநூறையும் திருப்பிக் குடுங்க" என்று அவர் கேட்டால், "ஏப்ரல் மாதம் நீங்கள் பிரகடனமே தரவில்லையே" என்று வங்கி சொல்லும். அந்த ஒரு வார்த்தையில் மற்ற மூன்று மாதப் பிழையும் மறைந்து போகலாம். ஆகவே அவர் இரண்டாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஏப்ரல் மாத 800 ரூபாவுக்கு வரி வெட்டிய சான்றிதழ். மே, ஜூன், ஜூலை மாதங்களின் 2,400 ரூபாவுக்குத் திருத்தம்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

திகதி: 2025.08.04

கிளை முகாமையாளர் அவர்கட்கு,

நிலையான வைப்பு வட்டியில் பிழையாகக் கழிக்கப்பட்ட வரியைத் திருத்தக் கோரல்

நிலையான வைப்பு இலக்கம்: ........
வட்டி சேரும் சேமிப்புக் கணக்கு இலக்கம்: ........
அடையாள அட்டை இலக்கம்: ........
வரி செலுத்துநர் அடையாள இலக்கம்: ........

ஐயா / அம்மணி,

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். என் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவை விடக் குறைவு என்பதற்கான பிரகடனத்தை 2025.05.15 அன்று தங்கள் கிளையில் கையளித்தேன். தங்கள் முத்திரை இடப்பட்ட பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

அதன் பின்னரும் 2025.05.25, 2025.06.25, 2025.07.25 ஆகிய திகதிகளில் வட்டி 8,000 ரூபாவிலிருந்து ஒவ்வொரு முறையும் 800 ரூபா, மொத்தம் 2,400 ரூபா கழிக்கப்பட்டுள்ளது. சேமிப்புப் புத்தகத்தின் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளது.

தயவுசெய்து,
1. இந்த 2,400 ரூபாவை என் கணக்கில் மீளச் சேர்க்கவும்.
2. இனி வரும் வட்டியில் வரி கழிக்காதிருக்க என் பிரகடனத்தை இந்த வைப்புக்குப் பதிவு செய்யவும்.
3. பிரகடனத்துக்கு முன் 2025.04.25 அன்று கழித்த 800 ரூபாவுக்கு வரிச் சான்றிதழ் தரவும்.
4. மேற்படி 2,400 ரூபாவில் ஏதேனும் ஒரு பகுதியைத் திருப்பித் தர இயலாவிடின், காரணத்தை எழுத்தில் அறிவித்து, அத்தொகைக்கும் சான்றிதழ் தரவும்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், விலாசம்)

கடிதம் இவ்வளவு போதும். எத்தனை வருஷம் அந்த வங்கியோடு கணக்கு வைத்திருக்கிறீர்கள், யார் கவுன்டரில் எப்படிப் பேசினார் என்பதெல்லாம் வேண்டாம். திகதிகளையும் தொகைகளையும் தெளிவாக எழுதினால், தமிழ் சரளமாக வாசிக்கத் தெரியாத உத்தியோகத்தரும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.

நான்காவது கோரிக்கை எதற்கு?

வங்கி ஒரு மாதத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். நம் உதாரணத்தில் மே மாதக் காசு ஜூன் 15க்குள்ளும், ஜூன் மாதக் காசு ஜூலை 15க்குள்ளும் போயிருக்கும். ஜூலை மாத 800 ரூபா, ஆகஸ்ட் 4ஆம் திகதி கடிதம் கொடுக்கும்போது இன்னும் வங்கியின் கையில் இருக்கக்கூடும். கையில் இருப்பதைத் திருப்பி வைப்பது சுலபம். கட்டி முடித்ததைப் பற்றி, "காசு எங்களிடம் இல்லை, திணைக்களத்திடம் கேளுங்கள்" என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதனால்தான் புத்தகத்தை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பதியாமல், வட்டி விழுந்த கையோடு மாதாமாதம் பதிந்து பார்ப்பது நல்லது.

திணைக்களத்திடம் கேட்பதென்றால், ஆண்டு முடிந்த பிறகு வருமான விபரத்திரட்டு ஒன்றைக் கொடுத்து, சான்றிதழ்களைக் காட்டி, மீளளிப்புக் கோர வேண்டும். 2026 மார்ச் 31 அன்று முடியும் ஆண்டுக்கு விபரத்திரட்டு கொடுக்க வேண்டிய கடைசி நாள் 2026 நவம்பர் 30. ஏப்ரல் மாத 800 ரூபாவுக்கும் இதுதான் வழி. சான்றிதழ் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

பிரகடனம் கொடுத்தும் ஏன் வெட்டுகிறார்கள்?

பெரும்பாலும் வேண்டுமென்று செய்வதில்லை. படிவம் கோவையில் கிடக்கும், கம்பியூட்டரில் ஏறியிருக்காது. அல்லது வரி இலக்கத்தில் ஓர் எண் மாறியிருக்கும். வைப்பு முதிர்ந்து புதிய இலக்கத்தில் புதுப்பிக்கப்பட்டிருந்தால், பழைய பிரகடனம் புதிய வைப்போடு சேராமல் விடுபட்டிருக்கலாம். ஆகவே வைப்பைப் புதுப்பிக்கும் அன்றே, "என்னோட பிரகடனம் இதுக்கும் பதிஞ்சிருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு காரணங்கள் நம் பக்கத்தில் வருபவை. பிரகடனம் ஒரு வரி ஆண்டுக்கு மட்டுமே செல்லும். மார்ச் 31 தாண்டினால் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டால் ஒரு மாதமும் வீணாகாது. அதோடு, இரண்டு வங்கிகளில் காசு இருந்தால் இரண்டிலும் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஒரு வங்கிக்குக் கொடுத்தது மற்ற வங்கிக்குத் தெரியாது.

பிரகடனத்தில் கையெழுத்து வைக்கும் முன் எல்லா வங்கி வட்டியையும் கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன், மகள் அனுப்பிய காசை உங்கள் பெயரில் வைப்பாகப் போட்டிருந்தால் அந்த வட்டியும் உங்கள் கணக்கில்தான் வரும். எல்லையைத் தாண்டும் என்றால் கொடுக்கக் கூடாது. பொய்ப் பிரகடனம் சட்டப்படி குற்றம்.

பதில் வராவிட்டால்?

கடிதத்தைக் கையில் கொடுத்தால் பிரதியில் முத்திரை வாங்குங்கள். போக முடியாதவர் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால், அதே கடிதத்தின் பிரதியோடு வங்கியின் தலைமைக் காரியாலய முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதிலும் சரிவராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டீர்களா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். அப்போது காட்ட வேண்டியது மூன்று தாள்கள்: முத்திரை குத்திய பிரகடனப் பிரதி, சேமிப்புப் புத்தகப் பிரதி, இந்தக் கடிதத்தின் பிரதி. மூன்றையும் ஒரே உறையில் போட்டு, அடையாள அட்டை வைக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.