பிப்ரவரியில் ஏன் விட்டீங்க?

சிநேகிதரின் மகள் ஒருத்தி 2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ரெஸ்யூமேயை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒரே பக்கம். பி.காம். முடித்து நான்கு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் நான்கு இடம். "எங்க போனாலும் ஒரே கேள்விதானுங்க மாமா. ஏன் இத்தனை மாத்தினீங்கங்கறாங்க. நான் பதில் சொல்லச் சொல்ல அவங்க மூஞ்சி மாறுது" என்றாள்.

கோயம்புத்தூரில் இருபது வருஷத்துக்கு மேல் ஆள் எடுக்கும் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். நானும் அப்படி மாற்றியவன்தான்.

தாளைப் பார்த்தேன். 2020–21 ஆடிட்டர் ஆபீஸ், 2021–22 பனியன் ஏற்றுமதி கம்பெனி, 2022–23 உதிரிபாகம் செய்யும் கம்பெனி, 2023–24 ஒரு வியாபார நிறுவனம். வருஷம் மட்டும் போட்டிருந்தாள், மாதம் இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்த உபாயம். ஆள் எடுப்பவன் கண்ணுக்கு மாதம் இல்லாத தேதிதான் முதலில் படும். "2021–22" என்பது இருபது மாதமாகவும் இருக்கலாம், இரண்டு மாதமாகவும் இருக்கலாம். அவன் குறைவானதைத்தான் எடுத்துக்கொள்வான்.

மாதத்தோடு எழுதச் சொன்னேன். ஆடிட்டர் ஆபீஸ் 2020 ஜூலை முதல் 2021 மே வரை, பதினொரு மாதம். பனியன் கம்பெனி 2021 ஜூன் முதல் 2022 பிப்ரவரி வரை, ஒன்பது மாதம். உதிரிபாகக் கம்பெனி 2022 ஏப்ரல் முதல் 2023 ஏப்ரல் வரை, பதின்மூன்று மாதம். கடைசி இடம் 2023 ஜூன் முதல் 2024 ஜனவரி வரை, எட்டு மாதம். நடுவில் இரண்டு தடவை ஒவ்வொரு மாதம் சும்மா இருந்திருக்கிறாள். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் வருஷத்தை ஜனவரியில் இருந்து எண்ணுவதில்லை. அவர்களுக்கு வருஷம் என்றால் ஒரு மார்ச் கிளோசிங். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மாதாமாதம் போய்விடும், அதை யாரும் பழகிக்கொள்ளலாம். மார்ச் 31க்குப் பிறகு ஸ்டாக்கைச் சரிபார்த்து, கடன்காரர் பாக்கியை ஒப்பிட்டு, ஆடிட்டர் கேட்கிற தாளையெல்லாம் எடுத்துக் கொடுத்து முடிப்பதில்தான் ஆளின் தரம் தெரியும். அதனால் ஒருவர் எத்தனை மாதம் இருந்தார் என்பதைவிட எந்த மாதம் போனார் என்பது முக்கியம். பிப்ரவரியில் போனவர் என்றால், வேலை தலைக்குமேல் வருகிற நேரத்தில் நழுவிவிட்டார் என்று அர்த்தம். இவள் தாளில் ஒரு பிப்ரவரி இருந்தது.

"இது ஏன் கண்ணு?" என்று கேட்டேன்.

"நான் விடலைங்க மாமா. எட்டுப் பேர் இருந்தோம், அஞ்சு பேரை நிறுத்திட்டாங்க. நூல் விலை ஏறிப்போச்சு, ஆர்டர் குறைஞ்சிடுச்சுன்னாங்க."

அந்த நூல் விலை கொங்குப் பக்கம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 மே மாதம் திருப்பூர் பனியன் கம்பெனிகள் கதவடைத்துப் போராட்டம் நடத்துகிற அளவுக்குப் போனது. ஆனால் அவள் கையிலிருந்த ரிலீவிங் லெட்டரில் "தாங்கள் ராஜினாமா செய்ததை ஏற்றுக்கொண்டு" என்று இருந்தது. ஆளைக் குறைக்கிறபோது ராஜினாமாவில் கையெழுத்து வாங்கிக்கொள்வது இங்கே புதிதல்ல. அப்படி ஆளை அனுப்பியவர்களே அடுத்த மேஜையில் உட்கார்ந்து விசுவாசத்தைப் பற்றிக் கேட்பார்கள், அது வேறு கதை.

கையில் இருக்கிற தாள் ஒன்று சொல்லி, வாய் வேறொன்று சொன்னால் வாய்தான் தோற்கும். அதனால் வித்தியாசத்தை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். "லெட்டர்ல ராஜினாமான்னு இருக்கும் சார். எட்டுப் பேர்ல அஞ்சு பேரைக் குறைச்சாங்க, அதுல நானும் ஒருத்தி. அப்ப இருந்த மேனேஜர்கிட்ட நீங்க கேட்டுக்கலாம்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அந்த மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி, யாராவது கூப்பிட்டால் சொல்வீர்களா என்று கேட்டுவிடச் சொன்னேன். கேட்டாள். அவரும் அங்கிருந்து போய்விட்டிருந்தார், ஆனாலும் சரி என்றார்.

மூன்றாவது இடம்தான் தாளிலேயே நல்ல இடம். அதை அவள் கெடுத்து வைத்திருந்தாள். அது ஒரு வருஷ ஒப்பந்தம், ஒரு ஏஜென்சியின் பே-ரோலில். வேலை உதிரிபாகக் கம்பெனியில், சம்பளம் ஏஜென்சியில். ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்தபோது, கிளோசிங் முடித்துக் கொடுத்துவிட்டுப் போ என்று ஒரு மாதம் நீட்டியிருக்கிறார்கள். ரெஸ்யூமேயில் இது எதுவும் இல்லை. படிப்பவன், ஒரு வருஷத்தில் சலித்துப்போய் ஓடிவிட்டாள் என்று நினைப்பான். "ஒப்பந்தப் பணி, 12 மாதம்; கிளோசிங்குக்காக 1 மாதம் நீட்டிப்பு" என்று அந்த வரியிலேயே சேர்த்தோம். ஏஜென்சி பெயரையும் கம்பெனி பெயரையும் சேர்த்தே எழுதினோம். பி.எஃப். கணக்கில் ஏஜென்சி பெயர்தான் இருக்கும். ரெஸ்யூமேயில் கம்பெனி பெயர் மட்டும் இருந்தால், பின்னால் சரிபார்க்கிறவர்கள் பொய் என்று எழுதிவிடுவார்கள்.

ரெஸ்யூமேயில் காரணம் எழுதுவது அவ்வளவுதான், நாலைந்து வார்த்தை. அதுவும் ஒப்பந்தம் முடிந்தது, ஆள் குறைத்தார்கள் என்பது போல நம் கையில் இல்லாத காரணத்துக்கு மட்டும். நாமாக விட்ட வேலைக்குத் தாளில் காரணம் எழுதினால் அது சமாதானம் சொல்வது போலத்தான் படும். அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

நேரில் சொல்ல வேண்டியது நான்காவது இடம். அங்கே கணக்கு வேலை என்று சேர்த்துவிட்டு, பில் போடவும், பாக்கிக்காரர்களுக்கு போன் பண்ணி வசூல் கேட்கவும் வைத்திருக்கிறார்கள். எட்டு மாதத்தில் டேலியைத் திறந்ததே அபூர்வம். இதை அவள் இன்டர்வியூக்களில் எப்படிச் சொல்லியிருந்தாள் என்று சொல்லிக் காட்டச் சொன்னேன். மூன்று நிமிஷம் பேசினாள். முதலாளி, அவர் மச்சினன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னது, எல்லாம் வந்தது. எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர், நாளைக்கு நம்மைப் பற்றியும் இவள் இப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். என் முதல் மாற்றத்துக்கு நான் கொடுத்த விளக்கம் இதைவிட நீளம். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படி மாற்றினோம்: "என்ன வேலைன்னு சேர்றதுக்கு முன்னாடி நான் சரியாக் கேட்டுக்கலை சார். அது பில்லிங், வசூல் வேலை. எனக்குக் கணக்கு வேலை வேணும்." எதிராளி மேல் குற்றம் இல்லை. தன் தவறு ஒன்று இருக்கிறது, அது சின்னது, மறுபடி நடக்காமல் பார்த்துக்கொள்ளக் கூடியது. மறுபடி நடக்காது என்பதை வாயால் சொல்லக் கூடாது, காட்ட வேண்டும். அதனால் இன்டர்வியூ முடிவில் இரண்டு கேள்வியாவது கேட்கச் சொன்னேன்: ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் இங்கேயே போடுகிறீர்களா, ஆடிட்டர் போடுகிறாரா? நான் யாரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும்? போன தடவை கேட்காததை இந்தத் தடவை கேட்கிறாள் என்பது எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

அந்த எட்டு மாத வேலையை எடுத்தேவிடலாமா என்று கேட்டாள். நிறையப் பேர் கேட்பதுதான். ரெஸ்யூமே என்பது சத்தியப் பிரமாணம் இல்லை, எதைப் போடுவது என்பது நம் இஷ்டம். ஆனால் வேலைக்கு எடுத்த பிறகு ஒரு படிவம் கொடுப்பார்கள், இதுவரை பார்த்த வேலை எல்லாவற்றையும் எழுதச் சொல்லி. அதில் விட்டால் அது பொய். பி.எஃப். பிடித்த வேலையாக இருந்தால் யு.ஏ.என். கணக்கில் Service History என்று அழுத்தினால் எல்லா கம்பெனியும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் வரிசையாக வந்துவிடும். எட்டு மாதம் அங்கே இல்லாமல் போகாது. ஆடிட்டர் ஆபீஸ் மட்டும் அதில் இல்லை. இருபது பேருக்குக் குறைவான இடத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை, அங்கே ஆறு பேர்தான். அதற்கு அவர் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்றும், சம்பளம் வரவான பாங்க் ஸ்டேட்மென்டும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச் முதல் வாரம் ஒரு பம்புசெட் கம்பெனியில் இன்டர்வியூ. உள்ளே இரண்டு பேர், ஒருவர் ஃபைனான்ஸ் மேனேஜர். தாளைப் பார்த்ததும் அவர் கேட்டது: "பிப்ரவரியில ஏன் விட்டீங்க?" அவள் நாலு வரியில் சொல்லியிருக்கிறாள். அவர் தலையாட்டிவிட்டு ஏப்ரல் நீட்டிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அதில் பத்து நிமிஷம் போயிருக்கிறது. கடைசியில், "இங்கயும் எட்டு மாசத்துல போயிடுவீங்களா?" என்றிருக்கிறார்.

ரிட்டயர் ஆகிற வரைக்கும் இருப்பேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். அவள் சொன்னது: "ரெண்டு கிளோசிங் பாத்திருக்கேன் சார். ஆனா ஒரே கம்பெனியில ஏப்ரல்ல ஆரம்பிச்சு, அந்த வருஷத்து ஆடிட் முடியற வரைக்கும் இருந்ததில்லை. அது எனக்கு வேணும்." இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லா இடத்திலும் இது எடுபடாது. கடைசி வேலையில் இரண்டு வருஷம் இல்லாவிட்டால் தாளையே தொடாத கம்பெனிகள் இருக்கின்றன. அங்கே என்ன சொன்னாலும் சொல்வதற்கு ஆள் இருக்காது. அதோடு, இந்த மாதிரி விளக்கம் ஒரு தடவைதான் வேலை செய்யும். ஐந்தாவது இடத்தையும் எட்டு மாதத்தில் விட்டுவிட்டு, அங்கேயும் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்புதான் வரும்.

வேலை கிடைத்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. சரிபார்க்கும் நிறுவனம், 2023 ஜூனில் இருந்து இரண்டு கம்பெனியில் ஒரே நேரத்தில் வேலை பார்த்திருக்கிறாள் என்று எழுதி அனுப்பிவிட்டது. பயந்துபோய் போன் பண்ணினாள். பார்த்தால், ஏஜென்சிக்காரர்கள் பி.எஃப். கணக்கில் அவள் விலகிய தேதியைப் போடவே இல்லை. கணக்குப்படி அவள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறாள். இதற்கு ஏஜென்சி வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குப் பிறகு இரண்டு மாதம் கடந்திருந்தால், ஆதாரோடு இணைத்த போனை வைத்துக்கொண்டு பி.எஃப். இணையதளத்தில் Manage, அதில் Mark Exit என்று போய் நாமே தேதி போட்டுவிடலாம். ஒப்பந்தம் முடிந்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தேதியையே போட்டாள். போடுவதற்கு முன் இரண்டு தடவை பார்த்தோம். நீட்டிப்புக் கடிதத்தின் நகலோடு எச்.ஆர்.-க்கு ஒரு மெயில் போனது, மறுநாள் சரி என்று பதில் வந்தது.

மார்ச் 18, திங்கட்கிழமை சேர்ந்தாள். கிளோசிங் நேரம். அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்குத்தான் பஸ் ஏறினாளாம்.