குற்றம் சார்ஜரிலா, கேபிளிலா?

போன் மெதுவாக ஏறினால் பலரும் முதலில் வாங்குவது புது சார்ஜர்தான். பழுது பெரும்பாலும் கேபிளில் இருக்கும். எதில் என்று சொல்லிவிட, கட்டைவிரல் அளவிலான யூ.எஸ்.பி. பவர் மீட்டர் ஒன்று போதும். சார்ஜருக்கும் போனுக்கும் நடுவே செருகினால், அதன் சின்னத் திரையில் வோல்ட் (V), ஆம்பியர் (A), வாட் (W) மூன்றும் தெரியும். முதல் இரண்டையும் பெருக்கினால் வருவதே வாட். போனுக்குள் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அதுதான் காட்டும்.

அளக்கும்போது பேட்டரி பாதிக்குக் கீழே இருக்க வேண்டும். நிரம்பும் தறுவாயில் போனே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு நல்ல சார்ஜரைக் குறை சொல்லக்கூடாது. திரையை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து எண்களைக் குறித்துக்கொள்ளலாம்.

வேக சார்ஜிங் வசதி இல்லாத ஒரு போனை எடுத்துக்கொள்வோம். சார்ஜர் 5 வோல்ட், 3 ஆம்பியர் தரக்கூடியது. மீட்டர், கேபிள் இரண்டும் டைப்-சி. மீட்டரை சார்ஜர் பக்கம் செருகினால் 5.10 வோல்ட், 1.00 ஆம்பியர். அதையே கேபிளின் மறுமுனையில், போனை ஒட்டிச் செருகினால் 4.40 வோல்ட், அதே 1.00 ஆம்பியர். ஆம்பியர் இரு முனையிலும் ஒன்றாகத்தான் இருக்கும். வோல்ட் மட்டும் வழியில் 0.70 குறைந்திருக்கிறது. அதை ஆம்பியரால் வகுத்தால் கேபிளின் தடை 0.70 ஓம்.

உள்ளே இருக்கும் செம்புக் கம்பி மெல்லியதாகவோ நீளமாகவோ இருந்தாலும், செருகும் முனை தேய்ந்திருந்தாலும் தடை கூடும். வோல்ட் இறங்குவதை உணரும் போன், மேலும் இறங்காதபடி இழுக்கும் ஆம்பியரைக் குறைத்துக்கொள்கிறது.

இப்போது கேபிளை மட்டும் மாற்றிப் பார்ப்போம். சார்ஜர் பக்கம் 5.06 வோல்ட், போன் பக்கம் 4.79 வோல்ட், ஆம்பியர் 1.80. தடை 0.15 ஓம்தான். முன்பு போனுக்குக் கிடைத்தது 4.4 வாட், இப்போது சுமார் 8.6 வாட். சார்ஜர் அதேதான்!

சார்ஜரை ஒட்டி அளக்கும்போதே 4.6 வோல்ட் என்று காட்டினால் சார்ஜர் திணறுகிறது என்று பொருள். இரு பக்கமும் வோல்ட் சரியாக இருந்தும் ஆம்பியர் மட்டும் குறைந்தால் போனைத்தான் கவனிக்க வேண்டும்: சூடேறியிருக்கலாம், சார்ஜிங் போர்ட்டில் தூசி அடைத்திருக்கலாம்.

வேக சார்ஜிங் உள்ள பல போன்களில் மீட்டர் 5-இல் தொடங்கி 9 வோல்ட்டுக்குத் தாவும். சார்ஜரும் போனும் பேசிக்கொண்டு செய்யும் ஏற்பாடு இது. தாவாமல் 5-லேயே நின்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கொள்ளலாம். ஆனால் பழைய டைப்-ஏ மீட்டர்களில் பவர் டெலிவரி முறைக்கான இணைப்பே கிடையாது. அதைச் சோதிக்க டைப்-சி மீட்டர்தான் வேண்டும். சில போன் நிறுவனங்களின் தனி முறைகள் 5 வோல்ட்டை ஒட்டியே நின்று ஆம்பியரைக் கூட்டுபவை; அங்கே பார்க்க வேண்டியது வாட் எண்ணை.